நேர்காணல் நாளில் ஒரு விடுப்புப் பதில்

1983-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் ஆல்மன் ஒரு சிறிய நிரலை எழுதினார். அதன் பெயர் `vacation`. ஊரில் இல்லாதவருக்கு மின்னஞ்சல் வந்தால், அவர் முன்பே எழுதி வைத்துவிட்டுப் போன பதிலை அது அனுப்பிவிடும். யாருக்கெல்லாம் பதில் போயிற்று என்று ஒரு பட்டியலும் வைத்துக்கொள்ளும். ஒருவருக்கு ஒருமுறை அனுப்பிவிட்டால், வழக்கமாக ஒரு வாரத்துக்கு அவருக்கு மறுபடி அனுப்பாது. இன்று அவுட்லுக்கிலும் ஜிமெயிலிலும் இருக்கும் தானியங்கி விடுப்புப் பதில்கள் எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. 2004-இல் வெளியான RFC 3834 என்ற இணையத் தர ஆவணம் இவற்றுக்கான நடத்தை விதிகளைத் தொகுத்தது. இயந்திரம் அனுப்பும் பதிலின் தலைப்பகுதியில் கீழுள்ள வரி இருக்கவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இந்த வரியைப் பார்க்கும் எதிர்முனை இயந்திரம் அதற்குப் பதில் போடாமல் நிறுத்திக்கொள்ளும். விடுப்பில் இருக்கும் இருவரின் கணினிகள் ஒன்றுக்கொன்று ஓயாமல் பதில் அனுப்பிக்கொண்டிருப்பதை இது தடுக்கிறது.

```
Auto-Submitted: auto-replied
```

இயந்திரங்களுக்குள் இவ்வளவு கவனம் உண்டு. ஆனால் கேட்பவர் யார், அவருக்கு எவ்வளவு சொல்லலாம் என்ற யோசனை இந்த நிரலுக்குக் கிடையாது. மேலாளர் கேட்டாலும், வாடிக்கையாளர் கேட்டாலும், புதிய நிறுவனத்துக்கு ஆள் எடுப்பவர் கேட்டாலும் எழுதி வைத்ததை அப்படியே ஒப்பித்துவிடும். வேறு வேலை தேடிக்கொண்டிருப்பவர் நேர்காணலுக்காக ஒருநாள் விடுப்பு எடுக்கும்போது சிக்கல் இங்கேதான் வருகிறது. அவருக்கு மறைக்க நியாயமான காரணம் இருக்கிறது. தேடுவது தெரிந்துவிட்டால் அடுத்த பொறுப்பும் ஊதிய உயர்வும் கைநழுவலாம். புது வேலையும் கிடைக்காமல் போனால் இரண்டு பக்கமும் நஷ்டம். வேலை தேடுவது குற்றமல்ல, ஆனால் அது வெளியே தெரியும் நேரத்தைத் தீர்மானிக்கும் உரிமை தேடுபவருக்கு இருக்கவேண்டும்.

பெரும்பாலானோர் இங்கே வாசகத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எப்படி எழுதினால் நம்புவார்கள், காய்ச்சல் என்பதா, உறவினர் திருமணம் என்பதா என்று யோசிக்கிறார்கள். ஆராய்ச்சிகள் வேறு திசையைக் காட்டுகின்றன. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் அதுவரை நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். 24,000-க்கும் மேற்பட்டவர்கள் அளித்த தீர்ப்புகள் அதில் இருந்தன. ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்று, சொல்வதை மட்டும் வைத்துச் சரியாகக் கண்டுபிடித்தது சராசரியாக 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 வந்துவிடும். அப்படியானால் நிஜ வாழ்வில் பொய்கள் எப்படித்தான் அகப்படுகின்றன? ஹீ சன் பார்க், திமோத்தி லெவைன் குழுவினர் 2002-இல் இந்தக் கேள்வியை மக்களிடமே கேட்டார்கள். நீங்கள் கண்டுபிடித்த ஒரு பொய்யை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார்கள். பெரும்பாலான பதில்கள் மூன்றாம் ஆள் சொன்ன தகவலையும், கையில் கிடைத்த தடயத்தையும், பின்னால் சொன்னவரே ஒப்புக்கொண்டதையும் குறிப்பிட்டன. பேசும்போதே முகத்தையும் சொல்லையும் மட்டும் வைத்துக் கண்டுபிடித்தவர்கள் மிகச் சிலர்.

விடுப்புப் பதிலுக்கு இது அப்படியே பொருந்தும். அதன் நடையை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அது போய்ச் சேரும் இடங்களும், அது விட்டுச்செல்லும் தடயங்களும், வழக்கத்திலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதும்தான் காட்டிக்கொடுக்கும்.

வழக்கத்திலிருந்து விலகுவது ஏன் இவ்வளவு பேசுகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1948-இல் கிளாட் ஷானன் தகவல் கோட்பாட்டை வகுத்தபோது, ஒரு செய்தி தரும் தகவலின் அளவை அது எவ்வளவு எதிர்பாராதது என்பதோடு இணைத்தார். எப்போதும் வருவது வந்தால் தகவல் சொற்பம். அபூர்வமானது வந்தால் தகவல் அதிகம். இதை அலுவலக எண்களில் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

ஓர் அலுவலகத்தில் 100 விடுப்பு நாட்களில் 4 நாட்கள் நேர்காணலுக்காக எடுக்கப்பட்டவை என்று கொள்வோம். எல்லோரும் எல்லா விடுப்புக்கும் ‘இன்று விடுப்பில் இருக்கிறேன், நாளை பதில் அனுப்புகிறேன்’ என்றே எழுதினால், அந்த வாசகத்தைப் படிக்கும் மேலாளருக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. படிப்பதற்கு முன்பும் 4 சதவீதம், படித்த பிறகும் 4 சதவீதம். இப்போது சிலர், ‘தவிர்க்க முடியாத சொந்தக் காரணத்தால் இன்று முழுவதும் தொலைபேசியிலும் கிடைக்க மாட்டேன், பொறுத்துக்கொள்ளவும்’ என்று நீட்டி எழுதுகிறார்கள். நேர்காணலுக்குப் போகும் 4 பேரில் 2 பேர் பதற்றத்தில் இப்படி எழுதுகிறார்கள். மற்ற 96 விடுப்புகளில் உண்மையாகவே நெருக்கடியில் இருக்கும் 6 பேர் எழுதுகிறார்கள். ஆக, அந்த நீண்ட வாசகம் மொத்தம் 8 முறை வருகிறது; அதில் 2 முறை நேர்காணல். நான்கில் ஒன்று, அதாவது 25 சதவீதம். 4-இல் இருந்த சந்தேகம் ஒரே பத்தியில் 25-க்கு ஏறிவிட்டது. அந்த வாசகத்தில் பொய் ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

மேலாளர் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். ஆனால் ‘என்ன, இவர் இப்படி எழுதமாட்டாரே’ என்று ஒரு கணம் நின்று யோசிக்கும் மனம் செய்வது ஏறக்குறைய இந்தக் கணக்கைத்தான். எனவே சிறந்த வாசகம் எது என்ற கேள்விக்கு விடை கற்பனையில் இல்லை, பழைய மடல்களில் இருக்கிறது. சென்ற தீபாவளிக்கு, சென்ற ஆண்டு வங்கி வேலைக்காக எடுத்த விடுப்புக்கு என்ன எழுதப்பட்டதோ, அதையே தேதி மாற்றி எழுதுவதுதான். இதுவரை ஒருநாள் விடுப்புக்குத் தானியங்கிப் பதிலே வைத்திராதவர் நேர்காணல் நாளில் முதன்முறையாக வைத்தால், அதுவே விலகல். அவர் வைக்காமல் இருப்பதுதான் அவருடைய வழக்கம். வழக்கமே இல்லாதவர் தேடலைத் தொடங்கும் முன்பே, சாதாரண விடுப்புகளில் ஒரே வாசகத்தை வைத்துப் பழக்கப்படுத்திவிடுவது நல்லது.

இனி அது போய்ச் சேரும் இடங்கள். கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். அலுவலக மின்னஞ்சல் மைக்ரோசாஃப்ட் அவுட்லுக். வியாழக்கிழமை பகல் 11 மணிக்கு வேறொரு நிறுவனத்தில் நேர்காணல். தற்செயல் விடுப்பு ஒருநாள் எடுத்திருக்கிறார். புதன் மாலை அவுட்லுக்கில் Settings, அதில் Accounts, அதில் Automatic replies என்று போகிறார். தொடக்க நேரமும் முடியும் நேரமும் தரும் Send replies only during a time period என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வியாழன் காலை 9 முதல் மாலை 6 வரை என்று கொடுக்கிறார். அடுத்தடுத்து வரும் மூன்று கட்டங்களில்தான் கவனம் வேண்டும்.

முதலாவது, நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கான வாசகம். இது மடல் அனுப்பியவருக்கு மட்டும் போகும் என்று அவர் நினைக்கக்கூடும். எக்ஸ்சேஞ்ச் சர்வரில் மெயில்டிப்ஸ் என்ற வசதி இருக்கிறது. சக ஊழியர் ஒருவர் மடல் எழுதத் தொடங்கி, பெறுநர் இடத்தில் இவர் பெயரைத் தட்டியவுடனேயே, விடுப்புப் பதிலின் தொடக்க வரிகள் மேலே ஒரு பட்டையாகத் தோன்றும். அனுப்பத் தேவையில்லை, பெயரைப் போட்டுவிட்டு அழித்தாலும் படித்துவிட்டார். டீம்ஸிலும் இவர் பெயருக்கு எதிரே அலுவலகத்தில் இல்லை என்ற குறி வந்துவிடும். ஆகவே மடல் அனுப்பியவர்கள் மட்டுமின்றி, அன்று இவரைத் தேடிய எல்லோரும் அந்த வாசகத்தைப் படிக்கக்கூடும். முதல் வரியில் விளக்கம் இருந்தால் அது அலுவலகம் முழுக்கப் பரவும். விளக்கமில்லாத முதல் வரிதான் பாதுகாப்பு: ‘வியாழக்கிழமை விடுப்பில் இருக்கிறேன். வெள்ளி காலை பதில் அனுப்புகிறேன்.’

காரணம் எழுதவே வேண்டாம் என்பதில் ஒழுக்கமும் வசதியும் ஒன்றாகச் சேர்கின்றன. விடுப்பில் இருக்கிறேன் என்பது முழு உண்மை. காய்ச்சல் என்று எழுதினால் மறுநாள் மருந்தைப் பற்றிக் கேட்பார்கள். திருமணம் என்றால் யாருடையது என்பார்கள். ஒவ்வொரு பதிலும் இன்னொரு தடயமாகும். உடல்நலக் காரணம் காட்டி விடுப்பு எடுத்துவிட்டு நேர்காணலுக்குப் போனது பின்னால் தெரிந்தால், வேலை தேடியதைவிடப் பெரிய பிரச்சினை ஆகும்.

இரண்டாவது, Send replies outside your organization என்ற கட்டம். இங்கே நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தனி வாசகம் எழுதலாம். வெளியாட்கள் என்றால் இவர் மனதில் வருவது வாடிக்கையாளர், தணிக்கையாளர், வங்கி. ஆனால் அந்தப் பட்டியலில் வியாழக்கிழமை மட்டும் இன்னொருவர் சேர்கிறார்: நேர்காணலை ஏற்பாடு செய்தவர். வேலைத் தேடலுக்குத் தனிப்பட்ட முகவரியைத்தானே கொடுத்தேன் என்பார் அந்தப் பெண். கைபேசியில் இரண்டு கணக்குகளையும் ஒரே செயலியில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விபத்து எளிதாக நேர்கிறது. புது மடல் எழுதும்போது செயலி தானாகத் தேர்ந்தெடுக்கும் கணக்கு அலுவலகக் கணக்காக இருந்துவிட்டால், ‘வருகிறேன், நன்றி’ என்ற ஒரு வரி அலுவலக முகவரியிலிருந்து போய்விடும். அதன் பிறகு எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரிந்த முகவரி அதுதான்.

வியாழன் காலை பத்தரைக்கு ஏற்பாடு செய்தவர் வழி சொல்லி அந்த முகவரிக்கு ஒரு மடல் அனுப்புகிறார். உடனே தானியங்கிப் பதில் போகிறது. பழைய வாசகத்தில், எல்லா அலுவலகங்களிலும் வழக்கமாக இருக்கும் அந்தக் கடைசி வரி இருக்கிறது: ‘அவசரம் என்றால் என் சக ஊழியரை இந்த எண்ணில் அழைக்கவும்.’ ஏற்பாடு செய்தவருக்கு இது அவசரம்தான். அந்த எண்ணை அழைத்து, “மேடம், பதினொரு மணி இன்டர்வியூவுக்கு அவங்க கிளம்பிட்டாங்களான்னு கொஞ்சம் சொல்ல முடியுமா?” என்று மிகுந்த மரியாதையோடு கேட்கிறார். பக்கத்து மேசைத் தோழியிடம் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆராய்ச்சியில் வந்த மூன்றாம் ஆள் இவர்தான்.

மாற்று நபரின் பெயர்தான் விடுப்புப் பதிலில் மிக ஆபத்தான வரி. அதற்காக அதை எடுத்துவிட்டால் வாடிக்கையாளர் தவிப்பார். வழக்கத்திலிருந்து விலகுவதும் ஆகும். நடுவழி உண்டு. உள்ளே இருப்பவர்களுக்கான வாசகத்தில் சக ஊழியரின் பெயர் இருக்கட்டும், அவர்களுக்கு எப்படியும் தெரியும். வெளியாட்களுக்கான வாசகத்தில் தனி ஆளின் எண்ணைத் தராமல், கணக்குப் பிரிவின் பொது முகவரி இருந்தால் அதைத் தரலாம். பொது முகவரியையும் யாரோ ஒருவர் படிக்கத்தான் செய்வார் என்றாலும், நேர்காணல் பற்றிக் கேட்பவர் ஒரு பிரிவின் பொதுப் பெட்டிக்கு எழுதத் தயங்குவார். தொலைபேசியை எடுக்கத் தயங்க மாட்டார்.

மூன்றாவது கட்டம் Send replies only to contacts. இதைத் தேர்ந்தெடுத்தால், வெளியாட்களில் இவருடைய தொடர்புப் பட்டியலில் சேமிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே பதில் போகும். நேர்காணல் ஏற்பாட்டாளரைப் பட்டியலில் சேர்க்காமல் இருந்தால் அவருக்குப் பதில் போகாது, பக்கத்து மேசை எண்ணும் போகாது. வேலை தேடுபவருக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு கட்டம் அந்தத் திரையில் இல்லை. குறையும் உண்டு. பலர் வாடிக்கையாளர்களைத் தொடர்புப் பட்டியலில் சேமிப்பதே இல்லை. பழைய மடலைத் திறந்து பதில் போட்டே காலத்தை ஓட்டுகிறார்கள். அவர்களுடைய பட்டியல் காலியாக இருக்கும், யாருக்குமே பதில் போகாது. புதன்கிழமை மாலை முக்கியமான பத்து வாடிக்கையாளர்களைச் சேமித்துவிட்டால் இந்தக் குறை தீரும்.

பதில் போய்விட்டால், வாசகத்தை எப்படி எழுதியிருந்தாலும் தடுக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அவுட்லுக் அனுப்பும் தானியங்கிப் பதிலின் தலைப்பில், `Automatic reply:` என்பதை அடுத்து, வந்த மடலின் தலைப்பு அப்படியே ஒட்டிக்கொள்ளும். வந்த மடலின் தலைப்பு நேர்காணல் என்று சொன்னால், நிறுவனத்தின் சர்வரிலிருந்து இவர் பெயரில் வெளியே போகும் பதிலின் தலைப்பும் அதையே சொல்லும். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகி மடலைத் திறக்காமலே அனுப்புநர், பெறுநர், தலைப்பு ஆகிய மூன்றையும் பதிவேட்டில் காண முடியும். யாரும் தினமும் உட்கார்ந்து இதைப் படிப்பதில்லை. வேறு காரணத்துக்காகத் தேடும்போது கண்ணில் படலாம். இதற்கான மருந்து விடுப்புப் பதிலில் இல்லை. அலுவலக முகவரி வெளியே போய்விட்டது என்று தெரிந்தவுடன் ஏற்பாட்டாளரைத் தொலைபேசியில் அழைத்து, இனி தனிப்பட்ட முகவரிக்கே எழுதச் சொல்வதுதான்.

அதே திரையில் காலண்டரை அடைக்கும் Block my calendar for this period என்ற வாய்ப்பும் இருக்கிறது. அதில் நிகழ்வின் பெயராக ‘விடுப்பு’ என்று மட்டும் இருக்கட்டும். வெறும் நேரத்தை மட்டும் மற்றவர்களுக்குக் காட்டும் அலுவலகங்கள் உண்டு. தலைப்பு, இடம் எல்லாவற்றையும் காட்டும் அலுவலகங்களும் உண்டு. நேர்காணல் அழைப்பை அலுவலகக் காலண்டரில் ஏற்றிவிட்டு, விடுப்புப் பதிலின் சொற்களைச் செதுக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

எழுதியது சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நேர்காணலுக்கு முன்பே வரும் ஏதாவது ஒரு சாதாரண விடுப்பில் பதிலை இயக்கிவிட்டு, வீட்டில் ஒருவரின் முகவரியிலிருந்து தனக்கே ஒரு மடல் அனுப்பச் சொல்லலாம். வரும் பதிலில் தலைப்பு, பெயர், கீழே என்ன ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் வெளியாள் பார்ப்பதுபோலவே தெரியும். இரண்டாவது முறை அனுப்பிப் பார்த்தால் பதில் வராது, பயப்பட வேண்டியதில்லை. ஒருமுறை இயக்கியதில் ஒருவருக்கு ஒரு பதில்தான் போகும். அணைத்துவிட்டு மறுபடி இயக்கினால் பட்டியல் புதிதாகத் தொடங்கும்.

இந்தப் பட்டியல் விஷயம் நேர்காணல் நாளிலேயே ஒரு தொல்லை தரக்கூடும். காலையில் ஒரு வாசகம் வைத்துவிட்டு, பேருந்தில் போகும்போது மனம் கேட்காமல் அணைத்து, வேறு வாசகம் போட்டு இயக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதரைக்கு எழுதிய மேலாளர் பன்னிரண்டுக்கு மறுபடி எழுதும்போது, அவருக்கு இரண்டாவது வாசகமும் போகும். ஒரே நாளில் இருவிதமான விளக்கம் அவருடைய பெட்டியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். ஜிமெயிலிலும் அப்படித்தான்: பொதுவாக ஒருவருக்கு ஒருமுறைதான் பதில் போகும், நான்கு நாள் கழித்து அவர் எழுதினால் மறுபடி போகும், ஆனால் இடையில் வாசகத்தைத் திருத்தினால் ஏற்கெனவே பெற்றவருக்கும் புதியது போகலாம்.

ஜிமெயில் பயன்படுத்தும் அலுவலகங்களில் இன்னும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. அங்கே நாள் கணக்குதான், மணிக் கணக்கு இல்லை. தொடக்க நாளின் நள்ளிரவிலிருந்து கடைசி நாளின் இரவு 11:59 வரை பதில் போய்க்கொண்டே இருக்கும். அரைநாள் விடுப்பு எடுத்தவர் பிற்பகல் மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும்போதும், அவர் இல்லை என்றே ஜிமெயில் சொல்லிக்கொண்டிருக்கும். மற்றொன்று, மடல்களின் அடியில் தானாகச் சேரும் கையொப்பம் விடுப்புப் பதிலின் அடியிலும் சேரும். வேலை தேடுவோர் பலர் தங்கள் தனிப்பட்ட ஜிமெயில் கையொப்பத்தில் லிங்க்ட்இன் முகவரியையும் ‘புதிய வாய்ப்புகளுக்குத் தயார்’ போன்ற வரியையும் வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கில் விடுப்புப் பதிலை இயக்கினால், அங்கே எழுதும் அலுவலக நண்பருக்கும் அந்த வரி போய்ச் சேரும்.

பல நேர்காணல்கள் முழுநாள் எடுப்பதில்லை. காணொளி வழியாக நடக்கும் முதல் சுற்று பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குத் தானியங்கிப் பதில் வைக்கவே கூடாது என்பது இந்தக் கட்டுரையின் உறுதியான கருத்து. ஒரு மணி நேரம் மடலுக்குப் பதில் வராததை யாரும் கவனிப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மட்டும் விடுப்புப் பதில் வந்தால் எல்லோரும் கவனிப்பார்கள். காலண்டரில் அந்த நேரத்தை வேலையாக இருப்பதாகக் குறித்து, அதன் விவரம் மற்றவர்களுக்குத் தெரியாதபடி Private என்று வைத்தால் போதும். அதுவும் இதற்கு முன் அப்படிக் குறித்துப் பழக்கம் இருந்தால்தான்.

இரண்டாம், மூன்றாம் சுற்றுகள் வரும்போது வாசகத்தைவிட நாட்களின் வரிசை பேசத் தொடங்கும். மூன்று வாரங்களாக வியாழன்தோறும் விடுப்புப் பதில் வந்தால், ஒவ்வொன்றும் வழக்கமான ஒரு வரியாகவே இருந்தாலும், மூன்றும் சேர்ந்து ஒரு வடிவம் காட்டும். ஒரே விதமான நேரம் கேட்கும் ஏற்பாட்டாளரிடம் காலை ஒன்பதுக்கு முன்போ மாலை ஆறுக்குப் பின்போ முடியுமா என்று கேட்கலாம். தற்போது வேலையில் இருப்பவர்களைச் சந்திப்பதுதான் அவர்களுக்கும் அன்றாட வேலை என்பதால் அவர்கள் இதை வித்தியாசமாக எடுத்துக்கொள்வதில்லை. நேரில் போயே ஆகவேண்டிய கடைசிச் சுற்றுக்கு மட்டும் முழுநாள் விடுப்பும், சென்ற தீபாவளிக்கு வைத்த அதே வாசகமும் போதும்.